வியாழன் பிரீமியரில் சப்டைட்டில் இல்லை, அடுத்த வாரம் நல்ல நேரத்தில் ஷோவே இல்லை: எங்கே கோளாறு?

ராலே வாசு

வட கரோலினாவில் ராலே பக்கம் இருக்கிறேன். எங்கள் ஊரில் பெரிய ஹீரோ படம் என்றால் மூன்று தியேட்டர் கிடைக்கும். மற்ற படங்களுக்கு ஒன்று கிடைத்தாலே பெரிய விஷயம். போன வியாழன் மாலை 6:30 பிரீமியருக்கு ஆறு பேருக்கு டிக்கெட் எடுத்தேன். நான், மனைவி, 14 வயது மகள், மகளின் தோழி, தோழியின் அப்பா அம்மா. அந்த மூவருக்கும் தமிழ் தெரியாது. என் மகளுக்கு வீட்டுத் தமிழ் புரியும், மதுரைப் பேச்சை வேகமாகப் பேசினால் பாதி போய்விடும். தியேட்டர் தளத்தில் ஆங்கில சப்டைட்டில் உண்டு என்று தெளிவாகப் போட்டிருந்ததால்தான் அவர்களைக் கூப்பிட்டேன்.

படம் ஆரம்பித்தது, ஒரு வரிகூட வரவில்லை. பத்து நிமிடம் பார்த்துவிட்டு மேனேஜரிடம் போனேன். "எங்களுக்கு வந்த ஃபைல் இதுதான்" என்றார். மூன்று மணி நேரம் என் மகள் தோழியின் காதில் கதை சொல்லிக்கொண்டே இருந்தாள். பின்வரிசைக்காரர் அதட்டியதும் அதையும் நிறுத்திவிட்டாள். அந்த முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

சரி, ஞாயிறு கழித்து அவர்களை மறுபடி கூட்டிப் போகலாம் என்று பார்த்தால் வரும் வெள்ளிக்கிழமையிலிருந்து இரவு 10:20 ஒரே ஷோ. பள்ளி இருக்கும் பிள்ளையை அந்த நேரத்துக்கு எப்படி அழைத்துப் போவது?

இரண்டு கேள்வி. சப்டைட்டில் எங்கே தொலைகிறது? ஷோ நேரத்தை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

டல்லாஸ் கார்த்தி

முதல் கேள்வி ரொம்ப சிம்பிள் ப்ரோ. தியேட்டர்ல சப்டைட்டிலை ஆன் பண்ணல, அவ்வளவுதான். டிவிடி மாதிரிதான், பட்டன் இருக்கு. இங்க ஒரு தடவை இதே ஆச்சு, போய் சத்தம் போட்டோம், அஞ்சு நிமிஷத்துல வந்துடுச்சு. மேனேஜர் சோம்பேறித்தனத்துக்கு ஃபைல் மேல பழி போடுறார்.

சான் ஹோசே பிரியா

இந்தப் படம் எந்த ஓடிடிக்கு வித்திருக்காங்க, சப்டைட்டிலோட எப்ப வரும்னு கேக்கறீங்களா? நானும் அதுக்குத்தான் காத்திருக்கேன். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ராலே வாசு

இல்லைங்க, தியேட்டர் விஷயம்தான் கேட்கிறேன். ஓடிடியில் வரும் சப்டைட்டில் தனியாகச் செய்யப்படுவது, அது வந்துவிடும் என்று தெரியும். அந்தக் குடும்பத்தைப் பெரிய திரையில் பார்க்க வைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

பழைய புக்கிங்காரன்

நியூ ஜெர்சியில் ஒரு சப்-டிஸ்ட்ரிபியூட்டரிடம் ஒன்பது வருடம் தியேட்டர் புக்கிங் பார்த்தவன். இப்போது அந்தத் தொழிலில் இல்லை, அதனால் வெளிப்படையாகவே சொல்கிறேன்.

கார்த்தி தம்பி சொன்னதில் பாதி சரி. தியேட்டரில் தவறு நடக்கலாம். ஆனால் அங்கே பட்டன் கிடையாது. படம் தியேட்டருக்கு டிசிபி என்ற ஃபைல் தொகுப்பாக வருகிறது. மூன்று மணி நேரப் படம் என்றால் 200 ஜிபி, அதற்கு மேலும் போகும். அதற்குள் படம், ஒலி எல்லாம் தனித்தனி ஃபைல். எந்தப் படத்தை எந்த ஒலியோடு, எந்த எழுத்தோடு ஓட்ட வேண்டும் என்று சொல்கிற ஒரு சின்னப் பட்டியல் உண்டு, அதற்கு சிபிஎல் என்று பெயர். ஆங்கில சப்டைட்டிலோடு ஓடுவது ஒரு சிபிஎல். சப்டைட்டில் இல்லாமல் ஓடுவது வேறு சிபிஎல். சர்வர் திரையில் பெயரைப் பார்த்தாலே தெரிந்துவிடும்:

```
..._FTR_S_TA-XX_...
..._FTR_S_TA-EN_...
```

TA என்றால் தமிழ் ஒலி. அதற்கு அடுத்தது சப்டைட்டில்: XX என்றால் எழுத்து கிடையாது, EN என்றால் ஆங்கிலம். உங்களுக்கு முதலாவது ஓடியிருக்கிறது.

எழுத்தைப் படத்திலேயே பதித்துவிட்டால் தொல்லை இல்லையே என்று கேட்பீர்கள். சிலர் அப்படிச் செய்வதும் உண்டு. ஆனால் அதே படம் மலேசியாவுக்கு மலாய், பிரான்ஸுக்குப் பிரெஞ்சு, வளைகுடாவுக்கு அரபி என்று போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 200 ஜிபி புதிதாகச் செய்து அனுப்புவதைவிட, எழுத்தில்லாத மூலத்தை எல்லா இடத்துக்கும் முன்னாடியே அனுப்பிவிட்டு, மொழிக்கு ஒரு சின்னத் துணைத் தொகுப்பைப் பின்னால் அனுப்புவது சுலபம். அது இணையத்தில் சில நிமிடத்தில் இறங்கிவிடும்.

கோளாறு பெரும்பாலும் அந்தத் துணைத் தொகுப்பில் இல்லை, சாவியில் இருக்கிறது. டிசிபி பூட்டப்பட்டது. அதைத் திறக்கும் கேடிஎம், அதாவது நாங்கள் "கீ" என்று சொல்வது, மூன்று விஷயத்தோடு கட்டப்பட்டது. எந்தத் திரையின் சர்வர், எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை, எந்த சிபிஎல். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மூலத்துக்கு மட்டும் செவ்வாயன்று கீ போய்விடும். துணைத் தொகுப்பு புதன் இரவு தயாராகும். அதற்குத் தனிக் கீ எடுத்து ஒவ்வொரு திரைக்கும் அனுப்ப வேண்டும். ஒரு திரை விட்டுப்போனால், தியேட்டர்காரரிடம் சப்டைட்டில் ஃபைல் இருந்தும் ஓட்ட முடியாது. திறக்கிறதை ஓட்டிவிடுவார். உங்கள் மேனேஜர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

டல்லாஸ் கார்த்தி

அப்போ எங்களுக்கு அஞ்சு நிமிஷத்துல எப்படி வந்துச்சு?

பழைய புக்கிங்காரன்

உங்கள் தியேட்டரில் இரண்டு சிபிஎல்லும், இரண்டுக்கும் கீயும் இருந்திருக்கும். தவறானதைப் பட்டியலில் இழுத்து வைத்திருப்பார்கள். அதை மாற்றி முதலிலிருந்து ஓட்டினார்களா?

டல்லாஸ் கார்த்தி

ஆமா, திரும்ப டைட்டில்லேர்ந்து போட்டாங்க.

பழைய புக்கிங்காரன்

அதேதான். ஆகவே வாசு, அடுத்த முறை பத்து நிமிடம் காத்திருக்காதீர்கள். முதல் வசனத்துக்கு எழுத்து வரவில்லை என்றால் உடனே எழுந்து போங்கள். கேட்க வேண்டிய கேள்வி: "இந்தப் படத்துக்கு இன்னொரு சிபிஎல் சர்வரில் இருக்கிறதா, அதற்குக் கீ இருக்கிறதா?" இரண்டும் இருந்தால் ஐந்து நிமிட வேலை. தொடங்கி அரை மணி ஆகிவிட்டால் அவர் மறுபடி முதலிலிருந்து போட மாட்டார், அடுத்த ஷோ இடிக்கும். கீ இல்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டரின் அவசர எண்ணுக்கு அவர் கூப்பிட்டாக வேண்டும். புதுக் கீ மின்னஞ்சலில் வந்துவிடும் என்றாலும் அந்த ஷோவுக்குள் வருமா என்பது மறுமுனையில் யார் விழித்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

வரி எழுதுபவள்

நான் சென்னையில் இருந்துகொண்டு சில படங்களுக்கு ஆங்கில சப்டைட்டில் எழுதியிருக்கிறேன். புதன் இரவுவரை அது ஏன் தயாராகவில்லை என்பதை எங்கள் பக்கத்திலிருந்து சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எல்லாப் பழியும் கீ அனுப்புகிறவர் மேல் விழும்.

அமெரிக்காவில் கோடைக்காலத்து வியாழன் மாலை 6:30 என்றால் இங்கே வெள்ளி அதிகாலை 4 மணி. தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். 2023 அக்டோபரில் 'லியோ' வந்தபோதுகூட அதிகாலை 4 மணிக் காட்சிக்கு அனுமதி கிடைக்கவில்லை, நினைவிருக்கும். ஆக, சென்னையில் ஒருவரும் பார்ப்பதற்கு முன்னால் ராலேயில் படம் ஓட ஆரம்பித்துவிடுகிறது. இங்கே தியேட்டருக்கு வியாழன் இரவுகூட ஃபைல் அனுப்பிச் சமாளித்துவிடலாம், உங்களுக்கு அந்த அவகாசம் இல்லை. ஆனால் எடிட்டிங் மேசையில் அந்த வித்தியாசத்தை யாரும் நினைப்பதில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு காட்சியில் 40 விநாடி வெட்டினால் அதற்குப் பின்னால் வரும் வரிகளின் நேரம் முழுக்க நகர்கிறது.

ஒரு படத்தில் 1500 முதல் 2000 வரிகள் வரை வரும், பேச்சு அதிகமென்றால் இன்னும் கூடும். இரண்டு வரிக்கு மேல் போகக்கூடாது, ஒரு வரியில் 40 எழுத்து சொச்சம். நடிகர் ஒன்றரை விநாடியில் பேசி முடிப்பதை அதே நேரத்தில் படித்து முடிக்கும்படி சுருக்க வேண்டும். மதுரைப் பேச்சில் ஒரே மூச்சில் மூன்று உறவுமுறை வரும். மாமா, மச்சான், மாப்பிள்ளை மூன்றுக்கும் தனித்தனி ஆங்கிலம் தேடினால் நேரமும் இடமும் போதாது. "bro" என்று போட்டுவிட்டால் யார் யாருக்கு யார் என்பதே போய்விடும். இதை யோசித்து எழுத இரண்டு வாரமாவது வேண்டும். எனக்குக் கிடைத்தது ஒருமுறை நான்கு நாள், அதுவும் ரீல் ரீலாக, இரண்டாம் பாதி முதலில்.

ராலே வாசு

நன்றி அக்கா. இப்போதுதான் இன்னொன்று புரிகிறது. போன வருடம் ஒரு படத்தில் எழுத்து வந்தது, ஆனால் இடைவேளைக்கு முன் இருபது நிமிடம் வசனத்துக்கு முன்னாடியே ஓடிப்போனது. வில்லன் இன்னார் என்று அவன் வாயைத் திறப்பதற்குள் எழுத்து சொல்லிவிட்டது. பிறகு தானாகவே சரியாகிவிட்டது. இது அந்த வெட்டினால்தானா?

வரி எழுதுபவள்

வெட்டினால் வராது, சேர்த்தால் வரும். காட்சியை நீட்டியிருப்பார்கள், எழுத்து பழைய நேரத்திலேயே நின்றிருக்கும், அதனால் வசனத்தை முந்தியது. வெட்டியிருந்தால் எழுத்து பின்தங்கி வரும். தானாகச் சரியானது ஏனென்றால் படம் இருபது நிமிட அளவில் ரீல்களாகப் பிரிந்திருக்கும், சப்டைட்டிலும் ரீலுக்கு ஒன்று. அடுத்த ரீல் தொடங்கும்போது அதன் நேரம் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணப்படும். ஆகவே ஒரு பகுதியில் மட்டும் விலகி, பிறகு கூடினால் அந்த ரீலை மாற்றியவர் சப்டைட்டில்காரரிடம் சொல்லவில்லை என்று பொருள். படம் முழுக்க ஒரே அளவு விலகினால் வேறு கோளாறு.

லா சப்பல் தயா

நான் பாரிஸில இருக்கிறன். எங்கட கதை வேற மாதிரி. இஞ்ச படம் ஓட்டுறதுக்கு சி.என்.சி. எண்ட அரச அமைப்பின்ர அனுமதி வேணும், சப்டைட்டில் பிரெஞ்சில வரும். 2016 இல 'கபாலி' கிராண்ட் ரெக்ஸில போட்டவை, அவ்வளவு பெரிய மண்டபம், அவ்வளவு சனம். என்ர மகன் இஞ்ச பிறந்தவன். தமிழ் விளங்கும், ஆனா வாசிக்கிறதெல்லாம் பிரெஞ்சிலதான். அவனுக்கு அந்த எழுத்து இல்லாட்டி படம் இல்லை.

போன தைப்பொங்கலுக்கு ஒரு படம் பிரெஞ்சு எண்டு போட்டுட்டு ஆங்கிலம் வந்திட்டுது. லண்டனில இருந்து வந்த என்ர மச்சாளுக்குச் சந்தோசம், மகன் நித்திரை. அண்ணை, ரெண்டு மொழியையும் ஒரே திரையில போடேலாதா? வளைகுடாவில அரபியும் ஆங்கிலமும் சேர்த்து வாறதெண்டு கேள்விப்பட்டனான்.

பழைய புக்கிங்காரன்

போடலாம் தயா. ஒவ்வொரு மொழிக்கும் ஒரு வரி என்று சுருக்க வேண்டும், அவ்வளவுதான். அக்கா சொன்ன 40 எழுத்துக் கணக்கு அப்போது இன்னும் இறுகும். நீண்ட வசனம் உள்ள படத்துக்கு அது கொடுமை. பிரான்ஸ் டிஸ்ட்ரிபியூட்டர் செலவு செய்து அதைத் தனியாகச் செய்யச் சொல்ல வேண்டும், லண்டன் விருந்தாளிக்காக அவர் செய்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.

கிள்ளான் மணி

மலேசியாவில் மலாய் சப்டைட்டிலோடுதான் வரும். என் ஆபீஸ் மலாய் நண்பர் ஒருவர் என்னோடு தொடர்ந்து தமிழ்ப் படம் பார்க்கிறார். அவருக்கு இப்போது எந்த காமெடியன் வந்தாலும் பெயர் தெரியும். இங்கே தணிக்கை வாரியம் பார்த்து முடித்தாக வேண்டும், அதனால் எழுத்து விட்டுப்போகிற பிரச்சினை குறைவு, படமே ஒரு நாள் தள்ளிப்போகிற பிரச்சினைதான் அதிகம்.

ராலே வாசு

இரண்டாவது கேள்விக்கு வருவோமா? 10:20 ஷோ.

பழைய புக்கிங்காரன்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இங்கே பெரும்பாலானவர்கள் "டிஸ்ட்ரிபியூட்டர் விலை பேசவில்லை", "தியேட்டர்காரனுக்கு நம்ம படம் பிடிக்காது" என்று எழுதுகிறார்கள். உண்மை அவ்வளவு சுவாரசியமானதல்ல, நேரமும் இருக்கையும்தான்.

முதலில் நீளம். படம் 2 மணி 52 நிமிடம் என்று வையுங்கள். முன்னால் விளம்பரமும் டிரெய்லரும் 20 நிமிடம், பின்னால் அரங்கைக் கூட்டிப் பெருக்க 15. ஒரு ஷோ மூன்றரை மணி நேரத்தைத் தின்கிறது. பகல் 12-க்கு ஆரம்பித்தால் 12, 3:30, 7, 10:30, நாலு ஷோ. ஒரு மணி நாற்பது நிமிட ஆங்கிலப் படம் அதே திரையில் ஐந்து ஷோ, விட்டால் ஆறாவது. மாலை 6-க்கும் 10-க்கும் இடையில்தான் கூட்டம் வரும். அந்த நேரத்தில் ஆங்கிலப் படம் இரண்டு முறை தொடங்குகிறது, நம் படம் ஒரே முறை. தியேட்டர் மேனேஜர் இதைத்தான் முதலில் பார்க்கிறார்.

அடுத்தது திங்கட்கிழமை. அமெரிக்காவில் வரும் வெள்ளி முதலான ஷோ நேரம் திங்கள், செவ்வாயில் முடிவாகிவிடும். கையில் இருப்பது வார இறுதி எண்ணிக்கை மட்டுமே. ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். 120 இருக்கைத் திரை. வியாழன் இரண்டு ஷோவில் 174 பேர், கிட்டத்தட்ட முக்கால் அரங்கு. வெள்ளி இரண்டு ஷோ, சனி நாலு, ஞாயிறு நாலு, ஆகப் பத்து ஷோ, 347 பேர். ஷோவுக்கு 35. கூட்டம் வந்ததாக நமக்குத் தோன்றும், ஏனென்றால் நாம் போனது வியாழன். ஆனால் மேனேஜருக்கு வியாழன் முடிந்துபோன கதை. ஷோவுக்கு முப்பத்தைந்து பேர் என்பதுதான் அவர் கண்ணில் நிற்கும். வெள்ளியன்று புது ஆங்கிலப் படம் வருகிறது, அதோடு ஒரு தெலுங்குப் படமும் வருகிறது. பல ஊர்த் தியேட்டர்கள் தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு திரை என்றுதான் மனதில் வைத்திருக்கும். ஆக நம் படத்தை அடியோடு எடுக்காமல் திரையைப் பங்கு போட்டு, யாரும் கேட்காத 10:20-ஐக் கொடுத்துவிடுவார்கள். அந்த நேரத்துக்குக் குடும்பம் வராது. அடுத்த திங்கள் அதையும் எடுப்பதற்கு அந்த எண்ணிக்கையே காரணமாகிவிடும்.

உங்கள் இரண்டு கேள்வியும் இங்கேதான் ஒன்று சேர்கிறது. சப்டைட்டில் தேவைப்படுகிறவர்கள் வியாழன் கூட்டம் இல்லை, சனி, ஞாயிறு பகல் கூட்டம். தமிழ் தெரியாத மனைவி, கணவர், பிள்ளைகள், பிள்ளைகளின் தோழர்கள். வியாழன் சப்டைட்டில் இல்லை என்று செய்தி பரவினால் அவர்கள் சனிக்கிழமை வருவதில்லை. அந்த 35-ஐ 50 ஆக்கக்கூடியவர்கள் அவர்கள்தான். பிரீமியரில் டிக்கெட் 20 டாலருக்கு விற்றுவிட்டால் போதும் என்று நினைக்கிற டிஸ்ட்ரிபியூட்டர்களோடு நான் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன்.

டல்லாஸ் கார்த்தி

அப்போ முன்னாடியே புக் பண்ணா ஷோ ஏறுமா? எங்க ஊர்ல செவ்வாய்க்கிழமை ஒரு ஷோ இருந்தது, வியாழன் மூணு ஆச்சு.

பழைய புக்கிங்காரன்

ஏறும், இதில் நீங்கள் முழுக்கச் சரி. முன்பதிவு நிறைவதைப் பார்த்துத்தான் பக்கத்துத் திரையையும் தருவார்கள். ஆனால் பிரதி வரும் என்று உறுதியாகும்வரை பல தியேட்டர்கள் புக்கிங்கைத் திறக்காது. எடிட்டிங் தாமதமானால் புதன்கிழமைதான் திறக்கும், ஏற நேரமிருக்காது. ஒரு நுணுக்கம்: கடைசி நேரத்தில் பெரிய திரைக்கு மாற்றினால் சந்தோஷப்படுவோம், ஆனால் கீ பழைய திரையின் சர்வருக்கு. புதுத் திரைக்குக் கீ வராமல் அரை மணி தாமதமான இரவுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சான் ஹோசே பிரியா

இப்பதான் முழுசாப் படிச்சேன், சாரி வாசு. ஒரு சந்தேகம். ரிலீசுக்கு அப்புறம் படத்தை டிரிம் பண்றாங்களே, 'இந்தியன் 2', 'கங்குவா' ரெண்டும் 2024-ல 12 நிமிஷம் குறைச்சாங்க. அப்போ சப்டைட்டில் என்ன ஆகும்?

வரி எழுதுபவள்

புது சிபிஎல், வெட்டிய ரீல்களுக்குப் புது சப்டைட்டில், எல்லாத் திரைக்கும் புதுக் கீ. மூலப் படத்தை மறுபடி அனுப்ப வேண்டியதில்லை, எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை ஓட்ட வேண்டும் என்று பட்டியலை மாற்றினாலே போதும். அவசரத்தில் சப்டைட்டிலை மறந்தால் வெட்டுக்குப் பின்னால் அந்த ரீல் முடியும்வரை எழுத்து தள்ளி ஓடும். வெளிநாட்டில் சில தியேட்டர் பழைய நீளத்தையே ஓட்டிக்கொண்டிருக்கவும் வாய்ப்புண்டு. பார்க்கப் போகிறவர்கள் தளத்தில் போட்டிருக்கும் நீளத்தைப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம்.

லா சப்பல் தயா

அக்கா, பாட்டுக்கு ஏன் எழுத்துப் போடுறேல்லை? மகன் ஒவ்வொரு பாட்டுக்கும் "அப்பா என்ன சொல்லுறாங்கள்" எண்டு கேக்கிறான்.

வரி எழுதுபவள்

எனக்கு எழுதத்தான் ஆசை. ஆனால் பாட்டு வரி கடைசியில்தான் கைக்கு வரும், கவிதையை இரண்டு வரியில் அடக்க இன்னும் நேரம் வேண்டும், தயாரிப்பாளர் "வேண்டாம், விடுங்க" என்றுவிடுவார்.

கிள்ளான் மணி

பாட்டுக்கு எழுத்து வேண்டாம் என்பது என் கட்சி. ஆட்டத்தைப் பார்ப்பதா, எழுத்தைப் படிப்பதா? என் நண்பர் பாட்டு வந்தால் நிம்மதியாகப் பார்க்கிறார்.

லா சப்பல் தயா

கதை பாட்டுக்குள்ளதான் நகருது எண்டா? போன படத்தில கலியாணமே பாட்டுக்குள்ள முடிஞ்சுது. மகனுக்கு அவள் ஆர் எண்டே தெரியேல்லை.

ராலே வாசு

பிந்திய செய்தி சொல்லிவிடுகிறேன். நேற்று மத்தியானம் தியேட்டருக்கு நேரில் போனேன். TA-EN இருக்கிறதா என்று கேட்டேன். மேனேஜர் சர்வரில் பார்த்தார். ஃபைல் இருக்கிறது, கீ இல்லை, புக்கிங்காரர் சொன்ன அதே கதை. போஸ்டரில் இருந்த டிஸ்ட்ரிபியூட்டருக்கு என் முன்னாலேயே மின்னஞ்சல் அனுப்பினார். இரண்டு மணி நேரத்தில் கீ வந்துவிட்டதாக மாலையில் கூப்பிட்டுச் சொன்னார்.

10:20-ஐ மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லையாம், ஷோ நேரம் தலைமையகத்தில் போடுவது. சனி பகலில் அறுபது பேருக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்தால் ஒரு 1 மணி ஷோ கேட்டுப் பார்க்கிறேன் என்றார். இதுவரை நாற்பத்தொரு பேர் சொல்லியிருக்கிறார்கள். ராலே, கேரி, டர்ஹம் பக்கம் யாராவது இருந்தால் புதன் மாலைக்குள் இங்கே சொல்லுங்கள்.